“அப்பா இன்னும் வரலையா?”: மறதிநோய் உள்ளவரிடம் இறந்த துணையைப் பற்றி எப்படிப் பேசுவது

என் அப்பா ஜோலார்பேட்டையில் சரக்கு ரயில் கார்டாக இருந்தவர். அவர் இறந்து நான்கு வருடம் கழித்து ஒரு சாயங்காலம், அம்மா வாசல் கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றார். “மணி ஆறாகுது, உங்கப்பாவை இன்னும் காணோமே பாப்பா” என்றார். அம்மாவுக்கு அல்சைமர் என்று டாக்டர் சொல்லி அப்போது ஒன்றரை வருடம் ஆகியிருந்தது. பெற்ற தாயிடம் பொய் சொல்லக்கூடாது என்று நினைத்தேன். கையைப் பிடித்துக்கொண்டு, “அப்பா இறந்து நாலு வருஷம் ஆச்சும்மா” என்றேன்.

அம்மா அந்தச் செய்தியை அப்போதுதான் முதல் முறையாகக் கேட்டார். நெஞ்சில் அடித்துக்கொண்டு அழுதார். “எனக்கு ஏன் யாரும் சொல்லல? கடைசியா முகத்தைக்கூடப் பாக்க விடலையே” என்று என்னைத் திட்டினார். அழுகை ஓய இருபது நிமிடம் ஆனது. பிறகு எழுந்து மறுபடி கேட்டுக்குப் போனார், மறுபடி கேட்டார், நான் மறுபடி சொன்னேன். படுக்கப் போவதற்குள் இப்படி ஐந்து முறை. ஒரே இரவில் அம்மா ஐந்து முறை தாலி அறுத்தார்.

அதற்குப் பிறகு மூன்று வருடம் அம்மாவை நானும் தம்பியும் பார்த்துக்கொண்டோம். அந்த ஒரு கேள்விக்குப் பதில் சொல்லக் கற்றுக்கொண்டதைத்தான் இங்கே எழுதுகிறேன். உங்கள் வீட்டில் இந்தக் கேள்வி இப்போதுதான் ஆரம்பித்திருக்கிறது என்றால் இது உங்களுக்காக.

உண்மை ஏன் உதவவில்லை

அல்சைமர் நோய் முதலில் தாக்கும் இடங்களில் ஒன்று ஹிப்போகாம்பஸ். புதிதாக நடப்பதை நினைவாகப் பதிந்துவைப்பது மூளையின் அந்தப் பகுதி. அது பழுதாகும்போது அண்மையில் நடந்தவை முதலில் போகும். நெடுநாள் பழகிய பழைய நினைவுகள் அதிக காலம் தங்கும். அதனால்தான் அப்பா இறந்தது அம்மாவுக்கு இல்லை, ஆனால் நாற்பது வருடம் சாயங்காலத்தில் அவருக்காகக் காத்திருந்தது இருக்கிறது. நாம் சொல்லும் மரணச் செய்தியைப் போட்டுவைக்க அவரிடம் இடமில்லை. எத்தனை முறை சொன்னாலும் அது முதல் முறைதான்.

செய்தி மறந்துவிடும் என்றால் துக்கமும் கூடவே போய்விடுமா? போகாது. அமெரிக்காவின் அயோவா பல்கலைக்கழகத்தில் செய்த ஓர் ஆய்வு 2014-இல் வெளியானது. அல்சைமர் உள்ள 17 பேருக்குச் சோகமான காட்சிகளையும், வேறொரு நேரத்தில் மகிழ்ச்சியான காட்சிகளையும் காட்டினார்கள். சில நிமிடங்களில் என்ன பார்த்தோம் என்பதே அவர்களில் சிலருக்குப் போய்விட்டது. ஆனால் அந்தக் காட்சி கிளப்பிய உணர்வு அரைமணி நேரம் வரைகூட நின்றது. காட்சியைக் குறைவாக நினைவில் வைத்திருந்தவர்களிடம் சோகம் இன்னும் நீண்டது. காரணம் தெரியாத துக்கத்தை எதைச் சொல்லி ஆற்றுவது? நம் வீட்டில் நடப்பதும் இதுதான். “செத்துட்டார்” என்ற சொல் மறந்துபோகும். அது தந்த கலக்கம் போகாமல், “என்னமோ பண்ணுது, வீட்டுக்குப் போகணும்” என்று வேறு வடிவில் வரும்.

அதற்காக உடனே பொய்க்குப் போய்விடக் கூடாது. பொய் கடைசிப் படி. அதற்கு முன் செய்ய வேண்டியவை இருக்கின்றன. பல நாட்களில் அங்கேயே வேலை முடிந்துவிடும்.

முதலில்: கேள்வி எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள்

நேற்று வரை கேட்காதவர் ஓரிரு நாளில் திடீரென்று குழம்பிப்போய்க் கேட்கிறார், பகலில் தூங்கி வழிகிறார், இல்லாத ஆளைச் சுவரில் பார்க்கிறார் என்றால், மறதிநோய் முற்றிவிட்டது என்று முடிவுகட்டாதீர்கள். சிறுநீர்த் தொற்று, மலச்சிக்கல், போதிய தண்ணீர் குடிக்காதது, புதிதாக ஆரம்பித்த மாத்திரை, உப்புச்சத்துக் குறைவு ஆகிய எதுவும் முதியவர்களை இப்படிக் குழப்பும். அன்றே டாக்டரிடம் காட்டுங்கள். ஒரு முறை அம்மா ராத்திரி முழுக்க அப்பாவைக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார். மறுநாள் பரிசோதனையில் சிறுநீர்த் தொற்று என்று தெரிந்தது. மருந்து கொடுத்து ஒரு வாரத்தில் பழைய நிலைக்கு வந்தார். அந்த ராத்திரி எந்த இதமான பொய்யும் அவருக்கு உதவியிருக்காது.

மாதக்கணக்கில் மெல்ல வந்த கேள்வி என்றால், ஒரு நோட்டுப் புத்தகம் எடுத்து இரண்டு வாரம் எழுதுங்கள். எத்தனை மணிக்குக் கேட்டார், அதற்குச் சற்று முன் என்ன நடந்தது, நீங்கள் என்ன சொன்னீர்கள், அதற்குப் பிறகு கால்மணி நேரம் எப்படி இருந்தார். இந்த நான்கும் போதும். எங்கள் நோட்டில் பாதிக்கு மேல் மாலை ஐந்தே முக்காலுக்கும் ஏழுக்கும் நடுவில் இருந்தது. வெளிச்சம் குறைந்து வீட்டுக்குள் நிழல் விழும் நேரம். மறதிநோய் உள்ள பலருக்கும் அந்தப் பொழுதில்தான் நிலைகொள்ளாமல் போகும். அம்மாவுக்கு அப்போது பசியும் சேர்ந்திருந்தது. பாத்ரூம் போக வேண்டும் என்பதைச் சொல்லத் தெரியாமல் எழுந்து நடப்பதும் இருந்தது.

எனவே ஐந்து மணிக்கே எல்லா விளக்கையும் போட்டோம், திரைச்சீலையை இழுத்துவிட்டோம். கேட்காமலேயே பாத்ரூமுக்கு அழைத்துப் போனோம். ஐந்தரைக்கு ஓர் இட்லியோ, பாலில் ஊறின பிஸ்கட்டோ கொடுத்தோம். அப்பாவைத் தேடுவது முழுக்க நிற்கவில்லை. ஆனால் மூன்று வாரத்தில் வெகுவாகக் குறைந்தது. அப்பாவைப் பற்றி ஒரு வார்த்தை பேசாமலேயே குறைந்தது.

அடுத்து: ஆளைப் பற்றிய பதிலுக்கு முன் அந்த மனசுக்குப் பதில்

அமெரிக்கச் சமூகப் பணியாளர் நவோமி ஃபைல் மறதிநோய் முதியவர்களோடு பேசும் ஒரு முறையை உருவாக்கினார். முதியவரைத் திருத்தாதே, பொய்யும் சொல்லாதே, அவர் உணர்வதைக் கேட்டு அதைப் பற்றிப் பேசு என்பது அதன் சாரம். உள்ளே ஏதோ ஓர் அடுக்கில் அவர்களுக்கு உண்மை தெரியும், பொய் சொன்னால் நம்மீதான நம்பிக்கை போகும் என்பது அவர் வாதம். நடைமுறையில் எல்லா நேரமும் பொய்யைத் தவிர்க்க என்னால் முடியவில்லை. ஆனால் முதலில் இந்த வழியைத்தான் முயல வேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

அம்மா கேட்டுக்குப் போனால் நானும் பின்னால் போய் அவர் பக்கத்தில், அவர் பார்க்கும் பக்கமே பார்த்துக்கொண்டு நிற்பேன். எதிரில் போய் வழிமறிக்க மாட்டேன்.

“அப்பா நெனப்பு வந்துருச்சாம்மா?”

“வராம? காலையில ரெண்டு மணிக்கு கால்பாய் வந்து கதவத் தட்டினான். எழுந்து போனவருதான்.”

“ராத்திரி ரெண்டு மணிக்கா? அப்ப சாப்பாடு?”

“எலுமிச்சங்கா சாதம் கட்டிக் குடுத்தேன். கெட்டுப்போவாது பாரு.”

இந்த இடத்தில் நான் ஒரு பொய்கூடச் சொல்லவில்லை. கேள்வி மட்டும் கேட்டேன். அம்மா எலுமிச்சை சாதத்துக்கு எத்தனை மிளகாய் என்பது வரைக்கும் சொல்லிக்கொண்டே உள்ளே வந்துவிடுவார். டூட்டிக்கு ஆள் கூப்பிட வரும் கால்பாய், அப்பாவின் இரும்பு லைன் பாக்ஸ், பச்சை சிவப்புக் கொடிகளை அம்மா துவைத்து மடித்தது என்று எங்கள் வீட்டுக் கதைகளில் பாதி எனக்கு அந்தக் கேட்டருகில்தான் தெரியவந்தது.

இரண்டு எச்சரிக்கை. “உனக்கு ஞாபகம் இருக்கா?” என்று ஆரம்பிக்காதீர்கள். அது பரீட்சை. பதில் வராவிட்டால் அவமானமாகிவிடும். இன்னொன்று, “நீ யாரு, அக்காவா?” என்று அம்மா என்னையே கேட்ட நாட்களும் உண்டு. அப்போது மகள் என்று நிரூபிக்க வேண்டியதில்லை. “பக்கத்துலதான் இருக்கேன், சொல்லு” என்றால் போதும்.

எல்லாம் பார்த்தும் விடாமல் கேட்டால்

சில நாட்கள் இது போதாது. “நான் கேட்டதுக்குப் பதில் சொல்லு. அவரு எங்கே?” என்று நேராகக் கேட்பார். நடுக்கம் இருக்கும், செருப்பைத் தேடுவார். பதில் சொல்லாமல் பேச்சை மாற்றினால் எதையோ மறைக்கிறோம் என்று பயம் இன்னும் கூடும். அப்போதுதான் அந்தக் கடைசிப் படி. இங்கிலாந்தின் மெண்டல் ஹெல்த் ஃபவுண்டேஷன் 2016-இல் இந்த விஷயத்தைப் பற்றியே ஓர் ஆய்வறிக்கை வெளியிட்டது. அதுவும் இதே வரிசையைத்தான் சொல்கிறது: முடிந்த அளவு உண்மைக்குப் பக்கத்திலிருந்து ஆரம்பி, வேறு வழி இல்லாதபோது மட்டும் விலகு.

என்ன சொல்வது என்பதில் நாங்கள் மூன்று தவறு செய்தோம்.

நான் முதலில் சொன்னது “இதோ வந்துருவாரும்மா.” அம்மாவைச் சமாதானப்படுத்த அதைவிட மோசமான வாக்கியம் கிடையாது. வரப்போகிறவருக்காக அவர் ராத்திரி பத்து மணி வரை கேட்டிலேயே நின்றார். அப்பா சாப்பிடாமல் தான் சாப்பிட்டுப் பழகாதவர் என்பதால் சோறும் வேண்டாம் என்றார். நேரம் குறித்த பொய்யை நோயாளி காவல் காக்க ஆரம்பித்துவிடுவார்.

தம்பி “ஊருக்குப் போயிருக்கார்” என்றான். “என்கிட்ட சொல்லாம எந்த ஊருக்கு? யாரு கூட?” என்று அம்மாவுக்குச் சந்தேகம் வந்துவிட்டது. சொல்லாமல் ஊருக்குப் போகிற மனிதர் இல்லை அப்பா. அவர் குணத்துக்கு ஒவ்வாத பொய், அவர் மேல் இல்லாத பழியைப் போட்டுவிட்டது. மூன்றாவதாக அத்தை சொன்னது, “ஆஸ்பத்திரியில இருக்காரு, நாளைக்கு வந்துருவாரு.” உடனே புடவை மாற்றிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிவிட்டார்.

நான்காவது வாக்கியம் எங்களுக்குத் தோன்றியது அல்ல. அம்மா வாயிலிருந்தே வந்தது. அந்தக் காலத்தில் யாராவது அப்பாவைத் தேடி வந்தால் அம்மா சொல்வது ஒன்றுதான்: “லைனுக்குப் போயிருக்காரு.” ரயில்வே குவார்ட்டர்ஸில் எல்லா வீட்டிலும் அதே பதில்தான். சரக்கு வண்டி எந்த ஸ்டேஷனில் எத்தனை மணி நேரம் ஒதுக்கி நிறுத்தப்படும் என்று யாருக்கும் தெரியாது. “அவரு எப்ப வருவாருன்னு வண்டிக்கே தெரியாது” என்பார் அம்மா. போனவர் மறுநாள் வரலாம், அதற்கடுத்த நாளும் வரலாம். அதற்காக அவர் ஒருநாளும் பதறியதில்லை.

ஆகவே அன்று சொன்னேன்: “லைனுக்குப் போயிருக்காரும்மா. கேரியர் எடுத்துட்டுத்தான் போனாரு.”

அம்மாவின் தோள் இறங்கியதை என் கண்ணால் பார்த்தேன். கேட்டுக் கம்பியைப் பிடித்திருந்த விரல்கள் தளர்ந்தன. “அதானே பாத்தேன்” என்றார்.

இதிலிருந்து உங்களுக்கான வாக்கியத்தைத் தேடும் வழி தெரியும். அந்த மனிதர் உயிரோடு இருந்தபோது வீட்டில் இல்லாத நேரங்களில் வழக்கமாக எங்கே இருப்பார்? வயலுக்குத் தண்ணீர் பாய்ச்சவா, கடையிலா, பஞ்சாயத்திலா, குவைத்திலா? துணை அதை எப்படிச் சொல்வார்? அந்தச் சொற்களையே திருப்பிச் சொல்லுங்கள். கவலைப்படாமல் காத்திருந்து பழகிய இடமாக அது இருக்க வேண்டும். வாக்கியம் சின்னதாக இருக்கட்டும். எப்போது வருவார் என்பது அதில் வேண்டாம். நோய், விபத்து, சண்டை எதுவும் வேண்டாம். அழகுபடுத்த அழகுபடுத்தக் கேள்விகள் கூடும்.

சொன்ன கையோடு வேறு வேலைக்கு அழைத்துப் போக வேண்டும். வாக்கியம் தரும் ஆறுதல் ஒன்றிரண்டு நிமிடம்தான் நிற்கும். அதற்குள் கைகளுக்கு வேலை கொடுத்துவிட்டால் மனம் அதில் அமரும். அம்மாவுக்கு முருங்கைக்கீரை ஆய்வதுதான் ஒத்துவந்தது. முறத்தில் கீரையைப் போட்டு மடியில் வைத்தால் நோயே இல்லாதவர் போல விரல்கள் ஓடும். ஒரு மணி நேரம் ஆய்வார். கீரை தேவைப்படாத நாளிலும் வாங்கினோம். காத்திருப்பதையே சிலர் விரும்பலாம், அதையும் தடுக்க வேண்டாம். ஜெர்மனியின் டூசல்டார்ஃப் நகரில் பென்ராத் என்ற இடத்து முதியோர் இல்லம், பேருந்தே வராத ஒரு பேருந்து நிறுத்தத்தை வாசலில் அமைத்தது. வீட்டுக்குப் போகிறேன் என்று பதறிக் கிளம்புகிறவர்கள் அங்கே உட்காருவார்கள். ஊழியர் ஒருவர் போய்ப் பேச்சுக் கொடுத்து, சற்றுப் பொறுத்து, காபிக்கு உள்ளே அழைத்து வருவார். நாங்கள் திண்ணையில் இரண்டு நாற்காலி போட்டோம். ஒன்று அம்மாவுக்கு, ஒன்று எங்களில் ஒருவருக்கு.

வீடு வேறு கதை சொல்லக் கூடாது

நாம் ஒன்று சொல்லச் சுவர் வேறொன்று சொன்னால் எல்லாம் வீண். எங்கள் கூடத்தில் அப்பா படத்துக்குச் சந்தன மாலை போட்டு, கீழே ஒரு சிவப்பு சீரோ வாட் பல்பு எரிந்துகொண்டிருந்தது. அம்மா அதைப் பார்த்துவிட்டு, “அவரு படத்துக்கு எதுக்கு மாலை?” என்று கேட்ட பிறகுதான் எங்களுக்கு உறைத்தது. மாலையையும் பல்பையும் எடுத்தோம். அந்தப் படத்தைத் தம்பி அறைக்கு மாற்றிவிட்டு, அப்பா சீருடையில் கொடியோடு நிற்கும் படத்தை மாட்டினோம். திதியை வீட்டில் கொடுக்காமல் கோயிலில் கொடுத்தோம்.

தாலிதான் மிகக் கடினம். அம்மா குளித்துவிட்டு வந்து கழுத்தைத் தடவிப் பார்ப்பார். “என் தாலி எங்கடி?” என்பார். “பீரோவுல பத்திரமா இருக்கும்மா” என்போம். உண்மையாகவே அங்கேதான் இருந்தது, உருக்காமல் வைத்திருந்தோம். அது வேண்டும் என்று அழுத நாளில் மஞ்சள் கயிற்றில் ஒரு மஞ்சள் கிழங்கைக் கட்டிக் கொடுத்தேன், தானே போட்டுக்கொண்டார். குங்குமம் கேட்டால் கொடுத்தோம். பெரியம்மாவுக்கு இது பொறுக்கவில்லை. “சாஸ்திரத்துக்கு அடுக்குமா?” என்றார். அம்மா தன்னைச் சுமங்கலி என்று நம்பிக்கொண்டிருக்கும்போது அவர் நெற்றியிலிருந்து பொட்டை அழிக்க யாருக்கும் உரிமை இல்லை என்பதுதான் என் எண்ணம், இன்றைக்கும். உங்கள் வீட்டில் பெரியவர்களுக்கு மனவருத்தம் இருந்தால் நோயாளி இல்லாத நேரத்தில் உட்கார்ந்து பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள்.

எல்லாரும் ஒரே வாக்கியத்தைச் சொல்ல வேண்டும். அடுப்படிக் கதவின் உள்பக்கம் ஒரு தாளில் மூன்று வரி எழுதி ஒட்டினோம்: அப்பாவைப் பற்றிச் சொல்லச் சொல்லுங்கள், விடாமல் கேட்டால் லைனுக்குப் போயிருக்கார், கீரை முறம் பக்கத்து அலமாரியில். பகலில் அம்மாவைப் பார்த்துக்கொள்ள வந்தவர் மாறியபோது, புதியவர் முதலில் படித்தது அதைத்தான். பார்க்க வரும் உறவினரை வாசலிலேயே நிறுத்திச் சொல்லிவிடுங்கள். துக்கம் விசாரிப்பது நம் ஆட்களுக்கு மரியாதை. “அவர் போனதுல இருந்து நீயும் பாதியாயிட்டியே” என்று ஒருவர் ஆரம்பித்தால் அந்த ராத்திரி வீட்டில் தூக்கம் இல்லை.

குழந்தைகளைப் பொய் சொல்ல வைக்க வேண்டாம். தம்பி மகனுக்கு அப்போது ஏழு வயது. “பாட்டி, தாத்தாதான் செத்துப்போயிட்டாரே” என்று சொல்லிவிட்டுப் பாட்டி அழுவதைப் பார்த்து அவனும் அழுதான். பாட்டி மூளைக்குள்ளே சில பக்கங்கள் கிழிந்துபோயிருக்கின்றன என்று அவனிடம் சொன்னோம். பாட்டி கேட்டால் “தாத்தா ரயில் கதை சொல்லு பாட்டி” என்று மட்டும் கேள் என்றோம். அதை அவன் எங்கள் எல்லாரையும்விட நன்றாகச் செய்தான்.

சரியாக வேலை செய்கிறதா என்று எப்படித் தெரியும்

பதிலைக் கேட்டதும் மூச்சு சீராகிறதா, உட்காருகிறாரா, சாப்பிடுகிறாரா என்று பாருங்கள். கேள்வி மறுபடி வருவது தோல்வி அல்ல. அது நோயின் இயல்பு. கேட்கும் குரலில் பதற்றம் கூடுகிறதா என்பதுதான் கணக்கு. முகத்தை உற்றுப் பார்த்து, “நீ பொய் சொல்ற” என்றால் அதே வாக்கியத்தை வலியுறுத்தாதீர்கள். நான் ஒரு முறை வலியுறுத்தி, அம்மா இரண்டு நாள் என் கையால் மாத்திரை வாங்க மறுத்தார். “எனக்கும் அவர் இல்லாம ஒரு மாதிரிதாம்மா இருக்கு” என்று உணர்வின் பக்கம் திரும்பிவிட வேண்டும். அது எந்த நாளும் உண்மை.

நோய் நகர நகர வாக்கியமும் மாறும். கடைசி வருடத்தில் “லைன்” என்ற சொல்லே அம்மாவுக்குப் புரியாமல் போனது. அப்போது கையைப் பிடித்துக்கொண்டு உட்காருவதுதான் பதில்.

எங்கே சொல்லக் கூடாது

ஆரம்ப நிலையில், மறதி வந்தாலும் நினைவுபடுத்தினால் பிடித்துக்கொள்கிறவரிடம் இந்தப் பொய் கூடாது. “அடடா, ஆமாம்ல” என்று தானே சேர்த்துக்கொள்ள முடிகிறவரை ஏமாற்றினால் அவர் தன் புத்தியையே சந்தேகிப்பார்.

துணை இறந்தது இப்போதுதான் என்றால் நோயாளியிடம் சொல்லுங்கள். எளிய சொற்களில், ஒரு முறை, பக்கத்தில் அமர்ந்து. உடல்நிலை தாங்குமானால் முகம் பார்க்க, வாய்க்கரிசி போட விடுங்கள். மறந்துபோவார் என்பது அவருடைய துக்கத்தைப் பறிக்கக் காரணம் ஆகாது. அதன் பின் நினைவு தங்கவில்லை, ஒவ்வொரு முறையும் புதிதாகத் துடிக்கிறார் என்று தெரிந்த பிறகுதான் மேலே சொன்னதெல்லாம்.

பத்திரம், வங்கி, உயில், கைரேகை என்ற எதிலும் இந்த வழியைக் கொண்டுவரக் கூடாது. “அப்பாதான் கையெழுத்துப் போடச் சொன்னார்” என்று ஒரு வீட்டில் சொன்னதை நான் அறிவேன். அது திருட்டு. மாத்திரையைச் சோற்றில் பொடித்து மறைத்துக் கொடுப்பதும் டாக்டரைக் கேட்காமல் கூடாது. சில மாத்திரைகளைப் பொடிக்கவே கூடாது. நமக்குத் தொந்தரவு குறைய வேண்டும் என்பதற்காக நோயாளியை மிரட்டிவைக்கும் பொய்களும், “வெளியே போனா போலீஸ் பிடிச்சிரும்” என்பது போல, இந்தக் கணக்கில் சேராது.

தனியாகச் சமாளிக்கிறவர்கள் 14567 என்ற முதியோர் உதவி எண்ணில் தமிழிலேயே பேசலாம், கட்டணம் இல்லை. அல்சைமர் நோயாளிகளுக்காக 1992 முதல் இயங்கும் ஏ.ஆர்.டி.எஸ்.ஐ. அமைப்புக்குச் சென்னையிலும் கிளை உண்டு. பராமரிக்கும் குடும்பத்தினருக்கு அவர்கள் வழிகாட்டுகிறார்கள்.

தெரிந்தே கேட்கும்போது

ஒன்றை மட்டும் பிரித்தறியப் பழகிக்கொள்ள வேண்டும். “அவர் எங்கே?” என்பது ஒரு கேள்வி. “அவர் போயிட்டாரா?” என்பது வேறு கேள்வி. இரண்டாவதைக் கேட்கிறவருக்கு அந்த நேரத்தில் திரை விலகியிருக்கிறது. குரல் தணிந்திருக்கும், பதற்றம் இருக்காது, நம் கண்ணைப் பார்ப்பார். சந்தேகமாக இருந்தால், “உனக்கு என்னம்மா தோணுது?” என்று திருப்பிக் கேட்டுப் பாருங்கள். அவரே இறப்பைச் சொன்னால் மறுக்கக் கூடாது. உண்மையை எடுத்துக்கொள்ள வந்தவரை லைனுக்கு அனுப்பிவிட்டால், அந்தச் சில நிமிடங்களும் அவர் தனியாகிப்போவார்.

எங்கள் வீட்டில் அது இரண்டு முறை நடந்தது. இரண்டாவது முறை ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். கீரை ஆய்ந்துகொண்டிருந்த அம்மா கையை நிறுத்தினார்.

“பாப்பா, உங்கப்பா போயிட்டாருல்ல?”

நோட்டில் எழுதிவைத்திருந்த எதையும் நான் சொல்லவில்லை. “உனக்கு என்னம்மா தோணுது?” என்றேன்.

“போயிட்டாரு. மழை பெஞ்சுது அன்னிக்கு.”

“ஆமாம்மா. மழை பெஞ்சுது.”

நான் நகர்ந்து பக்கத்தில் உட்கார்ந்தேன். அம்மா அழவில்லை. முறத்தில் இருந்த ஒரு காம்பை எடுத்து இலைகளை ஒவ்வொன்றாக உருவினார். வெகுநேரம் கழித்துக் கேட்டார்.

“வந்தவங்களுக்கெல்லாம் சோறு போட்டோமா?”

“எல்லாருக்கும் போட்டோம்மா.”

“சரி” என்று சொல்லிவிட்டு அடுத்த காம்பை எடுத்தார்.